மூன்றாவது ஷிப்ட்டுக்கு விலை சொல்லும்போது படி, மின்சாரம், மேற்பார்வை மட்டும் போட்டால் போதுமா?

வேங்கைமரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஆறு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் இயந்திரங்கள் கொண்ட சிறிய தொழிற்சாலையை நடத்துகிறேன். காலை, மாலை என்று இரண்டு ஷிப்ட்டுகள் ஓடுகின்றன. இரவில் கூடம் பூட்டிக் கிடக்கிறது. இப்போது ஒரு வாடிக்கையாளர் மூடி ஒன்றை மாதம் 3,00,000 எண்ணிக்கையில் கேட்கிறார். அவர் தரும் விலை மூடிக்கு 5.20. இதே அளவுள்ள மூடிகளை நான் வழக்கமாக 6.40-க்கு விற்கிறேன். வாடகை, தேய்மானம், அலுவலகம் எல்லாவற்றையும் சேர்த்த என் அடக்கவிலைத் தாள் 5.90 என்று காட்டுகிறது. அதைப் பார்த்தால் இந்த ஆர்டரை மறுக்க வேண்டும். ஆனால் வாடகையும் தேய்மானமும் இரவில் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அதே தொகைதான் என்பதால், இரவு ஷிப்ட்டால் புதிதாக வரும் செலவை மட்டும் கணக்கிட்டுப் பார்த்தேன்.

மூன்று இயந்திரங்களை இரவு 8 மணி நேரம் ஓட்டினால் நல்ல மூடி 12,000 கிடைக்கும். மாதம் 25 இரவுகளில் ஆர்டர் முடிந்துவிடும். மூலப்பொருள் மூடிக்கு 3.40, பெட்டியும் பையும் 0.25. நான்கு தொழிலாளர்களுக்கு இரவுப் படி தலைக்கு 150 வீதம் 600. மின்சாரத்துக்கு, ஒவ்வொரு இயந்திரமும் 30 கிலோவாட் என்பதால் 720 யூனிட். சென்ற மாதப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 10.50 வருகிறது, ஆகவே 7,560. மேற்பார்வைக்குத் தனி ஆள் வேண்டாம், மூத்த ஆபரேட்டர் ஒருவருக்குப் பொறுப்புப் படியாக 300 கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆக ஓர் இரவுக்கு 8,460, மூடிக்கு 0.705. மூலப்பொருளோடு சேர்த்து 4.355. இந்தக் கணக்கின்படி மூடிக்கு 0.845 மிஞ்சுகிறது. நான்கு பேரில் இரண்டு பேரைப் பகலிலிருந்து மாற்றுவேன், இரண்டு பேரைப் புதிதாக எடுப்பேன். வாடிக்கையாளரின் மோல்டுகள் மூன்று வந்துவிட்டன. விலைக்குச் சம்மதம் சொல்வதற்கு முன் இதில் ஓட்டை ஏதேனும் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

---

பேரேடு

கணக்கியல் துறையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். வாடகையையும் தேய்மானத்தையும் விட்டுவிட்டு விலை சொல்லும் பழக்கம் ஆபத்தானது. மூன்றாவது ஷிப்ட்டும் அதே கூரையின் கீழ்தான் ஓடுகிறது, அதே இயந்திரத்தைத்தான் தேய்க்கிறது. பகலில் வாங்குபவர் மட்டும் வாடகையைச் சுமக்க, இரவில் வாங்குபவர் இலவசமாக அமர்ந்துகொள்கிறார் என்றால், நாளைக்குப் பகல் வாடிக்கையாளர் ஒருவர் விலகும்போது அந்தச் சுமையை யார் தூக்குவது? உங்கள் தாள் 5.90 என்கிறது. அதற்குக் கீழே விற்பது நட்டம்தான்.

---

நூற்பாலை மேற்பார்வையாளர்

இரவுப் படி 150 போதுமா என்று கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். நான் பதினான்கு ஆண்டுகள் இரவு ஷிப்ட் பார்த்தவன். படியைத் தொகையாகக் கொடுக்காமல் கூலியில் இத்தனை விழுக்காடு என்று கொடுத்தால்தான் அனுபவசாலிகள் இரவுக்கு வருவார்கள். எல்லோருக்கும் ஒரே தொகை என்றால் புதியவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். அவர்கள் கையில் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாது.

---

வேங்கைமரம்

ஐயா, படி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது என் கேள்வியன்று. அந்தப் படியை வைத்து விலை சொல்வது எப்படி என்பதே கேள்வி. இருந்தாலும் புதியவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள் என்று நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது. பேரேடு ஐயாவுக்கு: ஆர்டரை மறுத்தால் வாடகை குறையப் போவதில்லையே?

---

இயந்திரக்கூடம்

வேங்கைமரம் ஐயா, நீங்கள் எடுத்த திசை சரிதான். இந்த ஆர்டரை ஏற்றால் நிறுவனத்தின் மொத்தச் செலவு எவ்வளவு, ஏற்காவிட்டால் எவ்வளவு என்ற இரண்டு தொகைகளின் வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டியது. ஆனால் நீங்கள் அந்த வித்தியாசத்தைக் கணக்கிடவில்லை. இரவில் கூடத்துக்குள் கண்ணில் படும் செலவுகளைப் பட்டியலிட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கூலி. நான்கு பேருக்கும் படியை மட்டும் போட்டிருக்கிறீர்கள். பகலிலிருந்து வரும் இரண்டு பேருக்கு அது பொருந்தலாம், ஏனென்றால் அவர்களுடைய கூலியை எப்படியும் கொடுக்கிறீர்கள். புதிதாக எடுக்கும் இரண்டு பேருடைய கூலி முழுவதும் இந்த ஆர்டரால் வருவதுதான். ஆர்டர் இல்லையென்றால் அவர்களை எடுத்திருக்க மாட்டீர்கள். மாற்றப்படும் இரண்டு பேரும் பகலில் உண்மையாகவே சும்மா இருந்தார்களா என்பதையும் கேட்டுப் பாருங்கள். சும்மா இருந்தவர் இரவுக்குப் போனால் செலவு படி மட்டும்தான். ஏதாவது வேலை செய்துகொண்டிருந்தவர் போனால், அந்த வேலையைப் பகலில் யாரோ ஓவர்டைமில் செய்வார்கள். அந்த ஓவர்டைம் பகல் கணக்கில் எழுதப்பட்டாலும் அதை உண்டாக்கியது இரவு ஆர்டர்தான்.

மின்சாரத்தில் நீங்கள் எதிர்ப்பக்கம் தவறியிருக்கிறீர்கள். இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் உள்ள 30 கிலோவாட் என்பது மோட்டாரும் ஹீட்டரும் முழுச்சுமையில் ஓடும்போது இழுக்கும் அளவு. ஒரு சுழற்சியில் மோல்டை மூடி அழுத்தத்தோடு உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தும் சில நொடிகளில்தான் அந்தச் சுமை ஏறும். குளிரும் நேரத்தில் இறங்கிவிடும். சராசரி பாதியளவுக்கும் கீழே இருப்பது சாதாரணம். அடுத்து, பில்லை யூனிட்டால் வகுத்து 10.50 எடுத்தது தவறு. அந்தப் பில்லில் யூனிட் கட்டணத்தோடு டிமாண்ட் கட்டணமும் சேர்ந்திருக்கும். டிமாண்ட் கட்டணம், அந்த மாதத்தில் உங்கள் சுமை அதிகபட்சமாக எவ்வளவு உயர்ந்தது என்பதைப் பொறுத்தது. பகலில் ஆறு இயந்திரங்கள் ஓடும்போது ஏற்கெனவே அந்த உச்சியைத் தொட்டுவிடுகிறீர்கள். இரவில் மூன்று மட்டும் ஓடினால் உச்சி உயராது, அந்தக் கட்டணமும் கூடாது. இரவு நேரத்துக்குத் தனி யூனிட் விலை உங்கள் பில்லில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்குப் பதில், நீங்கள் மறந்த மின்சாரம் ஒன்று இருக்கிறது. மூன்று இயந்திரங்களுக்காக, மோல்டைக் குளிர்விக்கும் சில்லரும் கம்ப்ரஸரும் ஓடியாக வேண்டும். கம்ப்ரஸர், இயந்திரம் ஒன்றுக்குக் காற்று கொடுத்தாலும் ஆறுக்குக் கொடுத்தாலும், குழாய்க் கசிவுகளுக்காக ஓடும் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளாது. ஆகவே கையில் எழுதிக் கூட்டுவதைவிட ஒரே ஓர் இரவு சோதனையாக ஓட்டி, ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் மெயின் மீட்டரில் ரீடிங் எடுங்கள். பூட்டிக் கிடக்கும் ஓர் இரவிலும் அதே இரண்டு நேரங்களில் எடுங்கள். இரண்டின் வித்தியாசம்தான் உங்கள் கூடுதல் மின்சாரம்.

மேற்பார்வையைத் தனியாக எழுதுகிறேன். அதில்தான் இந்தக் கணக்கின் முடிச்சு இருக்கிறது.

---

அச்சகத்துக்காரர்

மீட்டர் ரீடிங் பற்றிச் சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. எங்கள் அச்சகத்தில் இரவு ஷிப்ட் ஆரம்பித்த முதல் மாதமே டிமாண்ட் கட்டணம் எகிறியது. காரணம் தேடிப் பார்த்ததில், மாலை ஷிப்ட் இயந்திரங்கள் நிற்பதற்குக் கால் மணி நேரம் முன்பே இரவு ஆட்கள் உலர்த்தும் அடுப்புகளைச் சூடேற்றத் தொடங்கியிருந்தார்கள். மீட்டர் அந்தக் கால் மணி நேரத்தைத்தான் மாதத்தின் உச்சியாகப் பதிவு செய்திருந்தது. சூடேற்றும் நேரத்தை இருபது நிமிடம் தள்ளி வைத்ததும் அடுத்த மாதம் கட்டணம் பழைய இடத்துக்கு வந்தது. ஆகவே “உச்சி உயராது” என்பது ஷிப்ட் மாறும் அந்த அரைமணி நேரத்தை யார் கவனிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

---

இயந்திரக்கூடம்

நல்ல எச்சரிக்கை, நான் எழுதியிருக்க வேண்டியது. மோல்டிங்கில் பீப்பாய் ஹீட்டர்கள் குளிர்நிலையிலிருந்து ஏறும்போது முழுச்சுமையை இழுக்கும் என்பதால் இது அப்படியே பொருந்தும்.

இப்போது மேற்பார்வை. மூத்த ஆபரேட்டருக்கு 300 கொடுத்துப் பொறுப்பை ஒப்படைக்கிறேன் என்கிறீர்கள். அவரும் ஓர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இயந்திரத்தில் தடங்கல் வந்தால் மற்ற இரண்டையும் யார் பார்ப்பார்? நான் வேலை செய்த ஓர் இடத்தில் இதே ஏற்பாடுதான் இருந்தது. ஒரே சுழற்சியில் நான்கு மூடி வார்க்கும் நான்கு கேவிட்டி மோல்டு ஒன்றில், ஒரு கேவிட்டிக்கு உருகிய பிளாஸ்டிக் வரும் வழி நள்ளிரவில் பாதி அடைத்துக்கொண்டது. மூடி வெளியே வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நான்கில் ஒன்று விளிம்பில் நகம் அளவு குறைந்து வந்தது. ஷார்ட் ஷாட் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடக்கூடிய குறை அது, அந்த ஒரு பார்வைக்குத்தான் ஆள் இல்லை. விடிந்ததும் பெட்டிகளைத் திறந்து, நல்லதும் கெட்டதும் கலந்து கிடந்த ஆயிரக்கணக்கான மூடிகளைக் கையால் பிரித்தோம். பிரிக்கப் பகல் ஷிப்ட்டிலிருந்து மூன்று பேரை இரண்டு நாட்களுக்கு இழுத்தோம். அந்த இரண்டு நாள் கூலி எந்தக் கணக்கிலும் இரவு ஷிப்ட்டின் செலவாக எழுதப்படவில்லை.

ஆகவே ஒரு மேற்பார்வையாளரை முழுதாகப் போடுங்கள். மூன்று இயந்திரங்கள் என்றால் தரப் பரிசோதனையையும் அவரே செய்ய முடியும். இந்தச் செலவு மூடியின் எண்ணிக்கையோடு ஏறி இறங்காது என்பதைக் கவனியுங்கள். அவர் 12,000 மூடிகளைப் பார்த்தாலும் 4,000-ஐப் பார்த்தாலும் சம்பளம் ஒன்றுதான். இரவுத் தொழிலாளியின் கூலியும் அப்படித்தான். இயந்திர மின்சாரமும் மூலப்பொருளும் மட்டுமே மூடியோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஷிப்ட் என்பது கட்டியாக வாங்க வேண்டிய சரக்கு. பாதி ஷிப்ட் வாங்க முடியாது. நீங்களோ எல்லாவற்றையும் 12,000-ஆல் வகுத்து மூடிக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டீர்கள்.

---

பேரேடு

இதையேதான் நானும் சொல்கிறேன். அசையாச் செலவையும் விலையில் சேர்க்க வேண்டும் என்றேன்.

---

இயந்திரக்கூடம்

இல்லை ஐயா, நாம் இரண்டு வேறு செலவுகளைப் பற்றிப் பேசுகிறோம். மேற்பார்வையாளரின் சம்பளம் ஓர் இரவுக்குள் அசையாததுதான். ஆனாலும் இரவு ஷிப்ட் தொடங்குவதால்தான் அது வருகிறது, ஷிப்ட்டை நிறுத்தினால் போய்விடும். ஆகவே அது கணக்கில் வர வேண்டும். வாடகை ஷிப்ட்டால் வரவில்லை, ஷிப்ட்டை நிறுத்தினாலும் போகாது. அசைகிறதா அசையவில்லையா என்று கேட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். இந்த முடிவால் மாறுகிறதா என்று கேட்டுப் பாருங்கள், பிரிந்துவிடும்.

உங்கள் பேச்சில் சரியான பகுதி ஒன்று இருக்கிறது, அதையும் மறுக்கவில்லை. இந்த ஆர்டர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, அதை நம்பி இரவு ஷிப்ட் நிரந்தரமாகிவிட்டால், இயந்திரத்தை மாற்றும் நாள் முன்னதாக வரும். அப்போது தேய்மானமும் இந்த முடிவால் மாறும் செலவாகிவிடும். மூன்று மாதத்துக்கான விலையையும் மூன்று ஆண்டுக்கான விலையையும் ஒரே தாளில் போட முடியாது.

---

வேங்கைமரம்

ஒன்பது நாட்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சொன்னபடியே ஓர் இரவு சோதனையாக ஓட்டினேன். மோல்டுகளை முந்தின மாலையே ஏற்றி வைத்திருந்தோம். நானும் விடியும்வரை கூடத்திலேயே இருந்தேன்.

மீட்டர் 536 யூனிட் காட்டியது. பூட்டிக் கிடந்த இரவில் காவல் விளக்குகளுக்கும் அலுவலகத்துக்கும் 56 யூனிட். ஆகவே கூடுதல் 480 யூனிட். பில்லைத் தேடிப் படித்ததில் இரவு யூனிட் விலை 7.50 என்று தெரிந்தது. 3,600 ஆகிறது, நான் போட்டிருந்த 7,560-இல் பாதிகூட இல்லை. இயந்திரங்களை நிறுத்திவிட்டுச் சில்லரையும் கம்ப்ரஸரையும் விளக்குகளையும் மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். அதன்படி 3,600-இல் ஏறத்தாழ 1,000 எத்தனை மூடி செய்தாலும் வரும், மீதி 2,600 மூடிகளோடு ஏறி இறங்கும்.

நல்ல மூடி 12,000 வரவில்லை, 11,200 வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் ஆட்களின் கை தளர்ந்தது; ரோபோ கை ஒன்று மூடியைப் பிடிக்காமல் நின்றபோது அதைக் கவனிக்கப் பத்து நிமிடம் ஆனது.

கூலியில் நீங்கள் சொன்னது சுடத்தான் செய்தது. மாற்ற நினைத்த இரண்டு பேரில் ஒருவர் பகலில், வார்ப்போடு ஒட்டி வரும் ரன்னர் துண்டுகளை அரைத்து மறுபடி மூலப்பொருளாகக் கொடுப்பவர். அவர் இரவுக்குப் போனால் பகலில் வேறொருவர் இரண்டு மணி நேரம் ஓவர்டைம் பார்க்க வேண்டும், அது நாளுக்கு 500. ஆகவே இரண்டு பேருக்குப் படி 300, புதியவர் இருவருக்குக் கூலியும் படியும் சேர்த்துத் தலைக்கு 1,200 வீதம் 2,400, ஓவர்டைம் 500, மொத்தம் 3,200. மேற்பார்வையாளருக்குப் படியோடு 1,900. எலக்ட்ரீஷியன் வீட்டிலிருந்து கூப்பிட்டால் வருவதற்கு 400. போக்குவரத்தும் கூடுதல் காவலும் 700. மின்சாரம் 3,600. ஆக இரவுக்கு 9,800. 11,200 மூடிக்கு வகுத்தால் 0.875. மூலப்பொருளோடு 4.525. 5.20-க்கு விற்றால் இன்னும் 0.675 மிஞ்சுகிறது. பழைய கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

---

இயந்திரக்கூடம்

அந்த ஆறுதலைத்தான் நான் நம்ப வேண்டாம் என்பேன். மின்சாரத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டியும், கூலியையும் மேற்பார்வையையும் மிகவும் குறைத்தும் போட்டிருந்தீர்கள். இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று மூடிக்கொண்டன. முழு இரவும் ஓடும்வரைதான் மூடிக்கொள்ளும். உங்கள் பழைய கணக்கில் பெரும்பகுதி மின்சாரம், அது மூடி குறைந்தால் குறைந்துவிடும். உண்மையில் பெரும்பகுதி ஆட்கள், அவர்கள் குறைய மாட்டார்கள். வாடிக்கையாளர் ஒரு மாதம் பாதி அளவே எடுத்தால் என்ன ஆகும் என்று உங்கள் புதிய எண்களை வைத்தே பார்க்கலாம்.

ஆட்கள், மேற்பார்வை, எலக்ட்ரீஷியன், போக்குவரத்து ஆகியவை சேர்ந்து 6,200. அதோடு சில்லர், கம்ப்ரஸர் மின்சாரம் 1,000. ஆகவே கதவைத் திறந்தாலே 7,200. மூடி ஒன்றுக்கு மூலப்பொருளும் பெட்டியும் 3.65, இயந்திர மின்சாரம் 2,600-ஐ 11,200-ஆல் வகுத்தால் 0.232, சேர்த்து 3.882. விலை 5.20 என்றால் ஒவ்வொரு மூடியும் 1.318 கொண்டுவரும். 7,200-ஐ 1.318-ஆல் வகுத்தால் 5,460-ஐ ஒட்டி வருகிறது. ஓர் இரவில் அத்தனை மூடி விற்றால்தான் கதவைத் திறந்த காசு திரும்பும். 11,200 விற்றால் இரவுக்கு ஏறத்தாழ 7,560 மிச்சம். 6,000 விற்றால் 700-தான் மிச்சம். எண்ணிக்கை பாதியை ஒட்டிக் குறைந்தால் மிச்சம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. உங்கள் பழைய தாளோ, எத்தனை விற்றாலும் மூடிக்கு 0.845 என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆகவே வாடிக்கையாளரிடம் 5.20-ஐப் பற்றிப் பேசும் நேரத்தைக் குறைத்து, இரவுக்குக் குறைந்தபட்சம் எத்தனை என்பதைப் பற்றிப் பேசுங்கள். ஷிப்ட் நடக்கும் ஒவ்வோர் இரவுக்கும் 7,200 தனியாகவும், மூடிக்கு அதற்கேற்ற குறைந்த விலையும் என்று இரண்டு பாகமாக விலை சொல்லலாம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இதை விரும்ப மாட்டார்கள். அப்படியானால் மூடிக்கு ஒரே விலை வைத்து, மாதத்தில் இத்தனைக்குக் கீழே எடுத்தால் குறைவுக்கு ஈடு என்று எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. சோதனை இரவில் மோல்டுகளை முந்தின மாலையே ஏற்றி வைத்திருந்தோம் என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். தினமும் எப்படிச் செய்வீர்கள்?

---

வேங்கைமரம்

மாலை ஷிப்ட் முடிந்ததும் மூன்று இயந்திரங்களிலும் எங்கள் மோல்டுகளை இறக்கி வாடிக்கையாளரின் மோல்டுகளை ஏற்ற வேண்டும். காலையில் மறுபடி மாற்ற வேண்டும். ஒரு மாற்றத்துக்கு 50 நிமிடம் ஆகும். மோல்டு மாற்றும் அணி ஒன்றுதான் இருக்கிறது.

---

இயந்திரக்கூடம்

அப்படியானால் காலையில் மட்டும் மூன்று இயந்திரங்களுக்குமாகச் சேர்த்து 2.5 மணி நேர ஓட்டம் போகிறது. அணி ஒன்றே என்பதால் மூன்றாவது இயந்திரம் தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தை நான் இதில் சேர்க்கவில்லை. பகலில் ஓர் இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் மூலப்பொருளும் மின்சாரமும் போக எவ்வளவு கொண்டுவருகிறது?

---

வேங்கைமரம்

பொருளைப் பொறுத்து மாறும். சராசரியாக 1,200 என்று வைத்துக்கொள்ளலாம். பகல் இரண்டு ஷிப்ட்டுகளும் இப்போது நிறைந்துதான் ஓடுகின்றன.

---

இயந்திரக்கூடம்

நிறைந்து ஓடுவதால்தான் கேட்டேன். 2.5 மணி நேரத்துக்கு 3,000. பகலில் விற்றிருக்கக்கூடிய பொருளை விற்க முடியாமல் போவதால் இழப்பது இது. உங்கள் மின்சாரச் செலவுக்கு அருகில் வரும் தொகை. ஆனால் எந்தப் பில்லிலும் வராது, எந்தக் கூலிப் புத்தகத்திலும் ஏறாது. மாலை மாற்றம் இரவு ஷிப்ட்டுக்குள் விழுந்தால் 11,200-உம் குறையும். பகலில் இயந்திரம் சும்மா நிற்கும் தொழிற்சாலையாக இருந்தால் இந்த 3,000 சுழியமாகிவிடும். ஒரே ஆர்டர், ஒரே விலை; உங்கள் பகல் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இரவின் செலவு மாறுகிறது.

ஆனால் இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. இந்த ஆர்டரை ஏன் இரவு ஆர்டர் என்று நினைக்கிறீர்கள்? மூன்று இயந்திரங்கள் ஒரு ஷிப்ட் ஓடினாலும் ஓர் இயந்திரம் மூன்று ஷிப்ட் ஓடினாலும் நேரம் ஒன்றுதான். வாடிக்கையாளரின் ஒரு மோல்டை ஓர் இயந்திரத்தில் ஏற்றி, மூன்று ஷிப்ட்டும் இறக்காமல் ஓட்டுங்கள். அந்த இயந்திரம் பகலில் செய்துவந்த வேலைகளை மற்ற இரண்டு இயந்திரங்களின் இரவு நேரத்துக்குத் தள்ளுங்கள். அவற்றிலும் ஒரு மோல்டை ஏற்றினால் அந்த எண்ணிக்கை முடியும்வரை மூன்று ஷிப்ட்டும் ஓடட்டும், முடிந்த பிறகு அடுத்ததை ஏற்றுங்கள். இரவு ஆட்களும் மின்சாரமும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். தினம் ஆறு மாற்றங்கள் போய் வாரத்துக்குச் சிலவே மிஞ்சும். தினம் காலையில் பீப்பாயைச் சூடேற்றி முதல் அரைமணி நேர மூடிகளைக் கழிவில் கொட்டுவதும் இந்த மூன்று இயந்திரங்களில் நின்றுவிடும். மற்ற இரண்டு மோல்டுகள் பழுது வந்தால் மாற்றிக்கொள்ளக் கைவசம் இருக்கும்.

---

அச்சகத்துக்காரர்

இங்கே ஒன்று குறுக்கிடுகிறது. அப்படிச் செய்தால் இரவில் ஓடுவது பெரும்பாலும் பழைய வாடிக்கையாளர்களின் பொருள், 5.20 மூடியில் மூன்றில் இரண்டு பங்கு பகலில் ஓடுகிறது. மாத முடிவில் ஷிப்ட் வாரியாகச் செலவு எடுத்தால், இரவு ஷிப்ட் பழைய பொருளுக்கு நட்டத்தையும் இந்த மூடிக்கு அமோக லாபத்தையும் காட்டும். எங்கள் நிர்வாகம் அப்படி ஓர் அறிக்கையைப் பார்த்துத்தான் நல்ல ஆர்டர் ஒன்றைக் கைவிட்டது.

---

இயந்திரக்கூடம்

ஆம், அதனால்தான் தொடக்கத்திலேயே இரண்டு மொத்தத் தொகைகளின் வித்தியாசம் என்று சொன்னேன். எந்த மூடி எந்த நேரத்தில் எந்த இயந்திரத்தில் பிறந்தது என்பது விலைக்குத் தேவையில்லை. இந்த ஆர்டர் வந்ததால் தொழிற்சாலைக்கு இரவு ஷிப்ட் வேண்டியதாயிற்று. அந்த ஷிப்ட்டின் செலவு இந்த ஆர்டரின் செலவு. அது எந்தப் பொருளைச் செய்தாலும் சரி.

---

நூற்பாலை மேற்பார்வையாளர்

நான் முன்பு கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். இருந்தாலும் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது விலையோடும் சேர்ந்ததுதான். புதிதாக எடுக்கும் இருவரும் முதல் நாளே வேலைக்கு உதவ மாட்டார்கள். எங்கள் ஆலையில் புதியவரை இரண்டு வாரமாவது பகலில் ஒருவர் பக்கத்தில் நிறுத்திய பிறகே இரவுக்கு அனுப்புவோம். அந்த இரண்டு வாரக் கூலிக்கு உற்பத்தி கிடையாது. ஆர்டர் மூன்று மாதத்தில் நின்றுவிட்டால் அந்தப் பணத்தை எங்கே தேடுவார்கள்?

---

வேங்கைமரம்

மிகவும் பயனுள்ள கேள்வி, ஐயா. இரண்டு பேர், 12 வேலை நாட்கள். பயிற்சியிலும் தலைக்கு 1,200 என்றே வைத்துக்கொண்டால் 28,800. மூன்று மாத ஆர்டர் என்றால் 75 இரவுகளுக்குப் பங்கிட வேண்டும், இரவுக்கு 384. ஓராண்டு என்றால் 300 இரவுகள், இரவுக்கு 96. வாடிக்கையாளர் இன்னும் காலத்தைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

---

பேரேடு

காலத்தைக் கேட்கும்போதே பணம் எத்தனை நாளில் வரும் என்றும் கேளுங்கள். மூடி ஒன்றுக்கு நீங்கள் கையிலிருந்து போடுவது 4.50-க்கு மேல். மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருவார் என்றால், மாதம் ஒரு விழுக்காடு வட்டிக்கு மூடிக்கு 0.135 போய்விடும். நீங்கள் எதிர்பார்க்கும் 0.675-இல் ஐந்தில் ஒரு பங்கு அது. வாடகையைப் பற்றி நான் சொன்னதை இயந்திரக்கூடம் ஐயா பாதி ஏற்றுக்கொண்டார், நானும் அவர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன், ஆனால் 6.40 கொடுக்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கு இந்த 5.20 தெரியவந்தால் என்ன செய்வீர்கள் என்று யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. பகலில் மாதம் 3,00,000 மூடி விற்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் மூடிக்கு 0.63 குறைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிவிட்டால், இரவில் சம்பாதித்த அத்தனையும் பகலில் போய்விடும்.

---

இயந்திரக்கூடம்

அதற்கு என்னிடம் எண் இல்லை. சந்தையில் இந்த இரண்டு வாடிக்கையாளர்களும் ஒருவரையொருவர் அறிவார்களா என்பதைப் பொறுத்தது அது; வேங்கைமரம் ஐயாவுக்கு மட்டுமே தெரியும். மோல்டு வாடிக்கையாளருடையது என்பது ஓரளவு காப்பு. பழைய விலையில் மோல்டின் செலவும் அடக்கம் என்று நேர்மையாகவே சொல்ல முடியும். அது போதுமா என்பதில் எனக்கும் ஐயம் உண்டு.

---

வேங்கைமரம்

வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு பாக விலையைக் கேட்டதும் மறுத்துவிட்டார். 5.20 அப்படியே இருக்கட்டும், மாதம் 2,00,000-க்குக் கீழே போனால் குறைவுக்கு மூடிக்கு 1.30 ஈடு தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அதன்படி மோசமான மாதத்திலும் இரவுக்கு 8,000 மூடி விற்றதற்குச் சமமான தொகை ஏறத்தாழக் கிடைக்கும். கதவைத் திறக்கும் காசு போக இரவுக்கு 3,300-ஐ ஒட்டி மிஞ்சும். காலம் ஆறு மாதம். பணம் 45 நாளில் தருவதாகச் சொல்கிறார். மோல்டை ஓர் இயந்திரத்திலேயே வைத்து ஓட்டும் ஏற்பாட்டை நாளை முதல் பார்க்கிறோம். இடம்பெயரும் பகல் வேலைகளில் ஒன்றின் மோல்டு மற்ற இரண்டு இயந்திரங்களின் தட்டுகளில் பொருந்துமா என்பதை அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பொருந்தாவிட்டால் அந்த ஒரு வேலைக்காக வாரத்தில் இரண்டு மாற்றங்கள் கூடுதலாக வரும்.

ஆறு மாதம் முடிந்து அவர் ஓராண்டுக்கு நீட்டிக்கக் கேட்டால், பீப்பாய்க்குள் பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் திருகுத் தண்டின் தேய்மானத்தை விலையில் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இப்போது என் கையில் மிஞ்சியிருக்கும் கேள்வி. இரவும் பகலும் ஓடிய இயந்திரத்தின் திருகுத் தண்டை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினீர்கள் என்று இங்கே யாராவது பதிவு வைத்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.